தேர்வு நடுவில் கரண்ட் போனால்: மறுதேர்வு கேட்க ஆதாரம் திரட்டுவது எப்படி

போன ஐப்பசியில் ஒரு நாள் மதியம் ஏற்காட்டில் என் அக்கா மகள் வீட்டிலிருந்தே ஒரு கணக்கியல் சான்றிதழ் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்கு ஆரம்பம், நான்கு மணிக்கு முடிவு. நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டத்து ஓரமாக வீடு. காலையிலிருந்து மழை, காற்று. 2.47-க்கு கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடியது. மோடம் அணைந்தது. திரையில் மீண்டும் இணைக்க முயல்கிறது என்று ஒரு வட்டம் சுற்றியது. பத்து நிமிடம் கழித்துத் தேர்வு மூடப்பட்டது. அறுபது கேள்வியில் முப்பத்தொன்று முடித்திருந்தாள்.

ஒன்பதாவது நாள் கட்டணம் இல்லாமல் மறுதேர்வு கிடைத்தது. அது எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் எழுதுகிறேன். நான் சேலத்தில் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். இதே மாதிரி தேர்வு பாதியில் நின்றுபோய், கையில் எதுவும் இல்லாமல் வந்து நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். அவர்கள் சொல்வது உண்மைதான். அதைக் காட்டுவதற்குக் காகிதம் இருக்காது.

அவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள். இணைப்பு அறுந்தது தேர்வு நடத்துபவர்களுக்கு உங்களுக்கு முன்பே தெரியும். எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை வினாடிக்கு உங்கள் கணினி பதில் சொல்வதை நிறுத்தியது என்று அவர்களுடைய சர்வரில் பதிவாகியிருக்கும். அதனால் "என் தேர்வு நின்றுவிட்டது" என்று பக்கம் பக்கமாக எழுதுவதில் பயன் இல்லை.

ஏன் அறுந்தது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. கேள்வி கடினமாக இருந்ததால் ஒருவர் மோடத்தின் ஒயரைப் பிடுங்கினாலும் அவர்கள் பதிவில் இதே மாதிரிதான் தெரியும். ஆகவே நீங்கள் காட்ட வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் சர்வரில் இருக்கும் அதே நிமிடத்தில், உங்கள் கைக்கு மீறிய ஒன்று நடந்தது என்பது. அந்த நிமிடத்தை நீங்கள் சொன்னால் போதாது. நீங்கள் மாற்ற முடியாத வேறு இரண்டு மூன்று கடிகாரங்கள் சொல்ல வேண்டும். ஈபி புகார்ப் பதிவு ஒரு கடிகாரம். லேப்டாப் தானாக எழுதிவைக்கும் பதிவு ஒரு கடிகாரம். பக்கத்து வீட்டுக்காரர் போனில் இருக்கும் செய்தி ஒரு கடிகாரம்.

தேர்வுக்கு முந்தைய நாள்

தேர்வு விதிகளில் தொழில்நுட்பக் கோளாறு பற்றிய பகுதியை மட்டும் தனியாக எடுத்துப் படியுங்கள். இணைப்பு அறுந்தால் மீண்டும் நுழைய எவ்வளவு நேரம் தருகிறார்கள், யாருக்குப் போன் செய்ய வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கும். இந்தக் கெடு ஒவ்வோர் அமைப்புக்கும் வேறுபடும். இவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் மேசையில் வைத்தால் அந்தத் தாளே முறைகேடாகிவிடும்.

அவர்கள் தரும் கணினிச் சோதனையை, தேர்வு எழுதப்போகும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே இணைப்பில் முந்தைய நாள் ஓட்டி, முடிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கணினியும் இணைப்பும் சரியாகவே இருந்தன என்பதற்கு அதுதான் சாட்சி. பின்னால் "உங்கள் கருவி தகுதியாக இல்லை" என்று தட்டிக்கழிக்க முடியாது.

அடுத்தது மின்தடை அறிவிப்பு. துணை மின்நிலையப் பராமரிப்புக்கு மாதாந்திரத் தடை விடுவார்கள். நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்திலும் மின்வாரியத்தின் இணையப் பக்கத்திலும் முன்கூட்டியே வரும். பெரும்பாலும் காலை 9 மணிக்கு ஆரம்பித்து மதியம் வரை, சில இடங்களில் மாலை வரை போகும். உங்கள் ஊர்ப் பெயர் அதில் இருந்தால் அன்றே தேர்வு நேரத்தை மாற்றக் கேளுங்கள். அறிவித்த தடை தெரிந்தும் உட்கார்ந்து எழுதினால் அது எதிர்பாராத இடையூறு ஆகாது. மறுதேர்வு மறுக்கப்பட அது ஒன்றே போதும். உங்கள் ஊர் அதில் இல்லையென்றால் அந்தப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அன்றைக்குத் தடை அறிவிக்கப்படவில்லை என்பதற்கு அது ஆதாரம்.

கடைசியாக, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மோடம் செருகியிருக்கும் பிளக் அந்த லைனில் இருக்கிறதா என்று மெயினை ஒரு தடவை அணைத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் இன்வெர்ட்டர் லைன் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் இழுத்திருப்பார்கள். அக்கா வீட்டிலும் அதுதான் கதை. ஃபேன் சுற்றியது, மோடம் செத்தது. மோடத்துக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தாலும் போதும். ஆனால் அது இருந்தாலே காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள். ஊரில் இணைப்பு கொடுப்பவரின் அறையிலும் கரண்ட் போய், அங்கே பேக்கப் இல்லாவிட்டால் உங்கள் மோடம் எரிந்துகொண்டே இருக்கும், இணையம் வராது.

கரண்ட் போன அந்தப் பத்து நிமிடம்

கரண்ட் போனதும் போனை எடுத்து அணைந்த மோடத்தைப் போட்டோ பிடிக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். போனைத் தொடாதீர்கள். தேர்வு மூடப்படும் வரை நீங்கள் இன்னும் தேர்வறையில்தான் இருக்கிறீர்கள். பல கண்காணிப்பு மென்பொருள்கள் இணைப்பு இல்லாதபோதும் கேமராவில் பதிந்துகொண்டே இருக்கும், இணைப்பு வந்ததும் அனுப்பிவிடும். கையில் போனோடு நீங்கள் எழுந்து போகும் காட்சி அதில் இருந்தால், மின்தடை வழக்கு முறைகேட்டு வழக்காக மாறிவிடும். கேள்வி தெரியும் திரையைப் போட்டோ எடுப்பது அதைவிட மோசம். கோளாறுச் செய்தியைக் காட்டத்தான் எடுத்தேன் என்றாலும், அதே படத்தில் கேள்வியும் இருந்தால் வினாத்தாளை வெளியே கொண்டுபோனதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இருக்கையிலேயே இருங்கள். கேமராவைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள்: "கரண்ட் போய்விட்டது, மோடம் அணைந்துவிட்டது, நான் இருக்கையில்தான் இருக்கிறேன்." கண்காணிப்பாளரோடு பேசும் சாட் பெட்டி வேலை செய்தால் அதையே தட்டச்சு செய்யுங்கள். லேப்டாப்பை மூடாதீர்கள், அணைக்காதீர்கள். நீங்களே அணைத்தால் லேப்டாப்பின் பதிவில் நீங்கள் அணைத்ததாகவே எழுதப்படும்.

இந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டியது வெளியே இருப்பவர்கள். என் அக்கா அன்று 2.49-க்குக் கீழ்வீட்டுக்காரம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் "கரண்ட் இருக்கா?" என்று கேட்டிருந்தாள். "இல்ல அக்கா, ரோட்ல மரம் சாஞ்சிருக்கு போல" என்று 2.50-க்குப் பதில் வந்தது. யாரும் ஆதாரம் தயாரிக்க நினைத்து எழுதியதல்ல. அதனாலேயே அந்த இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம்.

தேர்வு மூடிய பிறகு முதல் ஒரு மணி நேரம்

அவளுக்கு 2.57-க்குத் தேர்வு மூடியது. அதன் பிறகுதான் போனை எடுத்தாள். வரிசை முக்கியம். முதலில் தேர்வு அமைப்பின் உதவி எண். அங்கே நீளமாகப் பேசத் தேவையில்லை. நடந்ததைச் சொல்லி, வழக்கு எண் கேட்டு வாங்கி, பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு 3.04-க்கு எண் கிடைத்தது.

அடுத்து ஈபி. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். மின் இணைப்பு எண் கேட்பார்கள், அதனால் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். தெரிந்த லைன்மேனுக்கு நேராகப் போன் செய்வதுதான் நம் ஊர் வழக்கம். வேலை சீக்கிரம் நடக்கும், ஆனால் பதிவு இருக்காது. மின்னகத்தில் புகார் எண் கொடுப்பார்கள், நமக்குத் தேவை அந்த எண். லைன்மேனுக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம். எண் வந்ததும் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

மூன்றாவது இணைய சேவை நிறுவனத்தில் ஒரு புகார். கரண்ட் போகாமல் இணைப்பு மட்டும் போயிருந்தால் இதுதான் முதன்மை ஆதாரம். மோடத்தைப் பாருங்கள். LOS என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை. வழியில் கேபிள் அறுந்திருக்கும், இல்லை மறுமுனையில் கருவி அணைந்திருக்கும். வீட்டுக்குள் ஃபைபர் ஒயர் கழன்றோ மடங்கியோ இல்லையென்றால் குறை உங்கள் வீட்டுக்கு வெளியே. PON விளக்கு நிலையாக எரிந்தும் இணையம் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் சேவை நிறுவனத்தின் பக்கம். எல்லா விளக்கும் அணைந்திருந்தால் கரண்ட் இல்லை. எந்த நிலையோ அதைப் போட்டோ எடுங்கள். கூடவே ஒரு சின்ன வீடியோ: அறையின் சுவிட்சைப் போட்டுக் காட்டி, லைட் எரியாததைக் காட்டி, மோடம் வரை ஒரே ஓட்டமாக.

இந்தப் போட்டோக்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிச் சேகரிக்காதீர்கள். எடுத்த நேரமும் கருவியும் படத்துக்குள் பதிவாகியிருக்கும், அப்படி அனுப்பினால் அது அழிந்துவிடும். மெயிலில் நேராக இணையுங்கள், அல்லது டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

லேப்டாப் சொல்லும் சாட்சி

இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. விண்டோஸ் லேப்டாப் எப்போது மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறியது, எப்போது வைஃபை அறுந்தது என்று தானாகவே எழுதிவைக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் இவற்றைத் தட்டுங்கள்:

```
mkdir C:\exam
powercfg /batteryreport /duration 3 /output "C:\exam\battery.html"
netsh wlan show wlanreport
```

முதல் அறிக்கை அந்தக் கோப்புறையில் இருக்கும். இரண்டாவது இங்கே இருக்கும், அதையும் நகலெடுத்து வையுங்கள்:

```
C:\ProgramData\Microsoft\Windows\WlanReport\wlan-report-latest.html
```

பேட்டரி அறிக்கையில் Recent usage என்ற அட்டவணையைப் பாருங்கள். அவளுடையதில் மதியம் வரை AC என்று இருந்த இடம் 14:47-இல் Battery என்று மாறியிருந்தது. வைஃபை அறிக்கையில் அதே நிமிடத்தில் இணைப்பு அறுந்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் மாறியிருப்பதே மின்தடை என்பதைச் சொல்லிவிடுகிறது. வைஃபை அறிக்கை இயல்பாக மூன்று நாளுக்குத்தான் பின்னோக்கிப் போகும், ஆகவே அன்றைக்கே எடுத்துவிடுங்கள். கண்காணிப்பு மென்பொருளையும் முடிவு வரும் வரை நீக்காதீர்கள். அதன் பதிவுகளையும் அவர்கள் கேட்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. மோடம் யுபிஎஸ்ஸில் எரிந்துகொண்டிருந்து, வெளியே ஃபைபர் மட்டும் அறுந்திருந்தால் வைஃபை அறிக்கையில் துண்டிப்பு எதுவும் தெரியாது. லேப்டாப்புக்கும் மோடத்துக்கும் இடையில் எல்லாம் நன்றாகவே இருந்தது அல்லவா. அந்த நிலையில் இந்த அறிக்கையை அனுப்பினால் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். சிவப்பு LOS விளக்கின் படமும் சேவை நிறுவனத்தின் புகார் எண்ணும்தான் அங்கே உதவும்.

எந்தக் கடிகாரம்

அவள் வழக்கில் ஒரு சிக்கல் வந்தது. உதவி எண்ணில் பேசும்போது "2.51-க்கு கரண்ட் போனது" என்று சொல்லிவிட்டாள். சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் வேகம். அவர்கள் சர்வரில் 2.47. நாலாம் நாள் ஒரு மெயில் வந்தது: கரண்ட் போவதற்கு நான்கு நிமிடம் முன்பே உங்கள் இணைப்பு அறுந்திருக்கிறதே, ஏன்? நியாயமான கேள்வி. லேப்டாப் அறிக்கையையும் கீழ்வீட்டம்மாவின் 2.50 செய்தியையும் காட்டி, சுவர்க் கடிகாரம் பார்த்துச் சொன்னது பிழை என்று எழுதிய பிறகே அடுத்த படிக்குப் போனது. நேரம் சொல்லும்போது போனில் தெரியும் நேரத்தை மட்டும் சொல்லுங்கள். வெளிநாட்டு அமைப்புகள் பெரும்பாலும் UTC நேரத்தில் பதிவு வைத்திருப்பார்கள். நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தால் வரும் நேரம் அது. 14:47 என்றால் 09:17 UTC. இரண்டையும் எழுதிவிடுங்கள்.

எழுதும் மெயில்

எல்லா ஆதாரமும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கெடுவுக்குள் போய்ச் சேர வேண்டியது முதல் மெயில். அவள் அன்று 3.40-க்கே, போன் டேட்டாவில், அனுப்பிவிட்டாள். ஆதாரங்கள் மறுநாள் அதே மெயிலுக்குப் பதிலாகப் போயின. அந்த மெயில் ஏறக்குறைய இப்படி இருந்தது. உங்கள் தேர்வு அமைப்பு ஆங்கிலத்தில் கேட்டால் இதையே ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

"இன்று பிற்பகல் 2.00 மணித் தேர்வு (பதிவு எண், வழக்கு எண்) 2.47-க்கு எங்கள் பகுதி மின்தடையால் நின்றது. 2.57-க்குத் தேர்வு மூடப்படும் வரை இருக்கையிலேயே இருந்தேன். 31 கேள்விகள் முடித்திருந்தேன். மின்வாரியப் புகார் எண் இது. அன்றைய ஒளிப்பதிவையும் இணைப்புப் பதிவுகளையும் முடிவு வரும்வரை பாதுகாக்க வேண்டுகிறேன். கட்டணமின்றி மறுதேர்வு அளிக்கக் கோருகிறேன். ஆதாரங்களை நாளை அனுப்புகிறேன்."

இவ்வளவுதான். கேள்விகள் கடினம், வேலை போய்விடும், வீட்டில் கஷ்டம் என்று எழுத மனம் வரும். வேண்டாம். படிப்பவர் கையில் இருப்பது ஒரு நேரப் பட்டியலும் ஒரு விதிப் புத்தகமும்தான். சராசரி மதிப்பெண் போடுங்கள் என்றும் கேட்காதீர்கள். மறுதேர்வு என்ற ஒன்றை மட்டும் கேளுங்கள். ஒளிப்பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு பதிவுகளை அழித்துவிடும் அமைப்புகள் உண்டு.

மறுநாள் அவளுடைய அப்பா மின்வாரியப் பிரிவு அலுவலகம் போனார். உதவிப் பொறியாளருக்கு ஒரு மனு: இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன பகுதியில் மின்தடை இருந்ததா, எத்தனை மணிக்கு மீண்டது என்று எழுத்தில் தரவும். சில்வர் ஓக் மரம் ஒன்று லைனில் சாய்ந்திருந்தது. துணை மின்நிலையத்தில் அந்தப் பகுதிக்குப் போகும் ஃபீடர் லைன் அணைந்த நேரத்தை எழுதிவைப்பார்கள், அதைப் பார்த்து மூன்றாம் நாள் ஒரு கடிதம் கொடுத்தார்கள். எல்லா அலுவலகத்திலும் இப்படிக் கிடைக்காது. கிடைக்காவிட்டால் மனுவின் நகலில் அலுவலக முத்திரையோடு பெற்றுக்கொண்ட தேதியை வாங்கி அதையே அனுப்புங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். முதல் முடிவுக்குள் அது வராது, மேல்முறையீட்டுக்கு உதவும்.

மென்பொருள் தவறாகக் குறை சொன்னால்

மலையில் இது இன்னொரு தொல்லை. ஏற்காட்டில் மழைக்காலத்தில் மூன்று மணிக்கே பனிமூட்டம் இறங்கி அறை இருண்டுவிடும். லைட் அணைந்தால் கேமராவுக்கு முகம் தெரியாது. மென்பொருள் "முகம் காணவில்லை" என்றோ "வேறு ஆள்" என்றோ சந்தேகக் குறி, அதாவது கொடி, போட்டுவிடும். முடிவு நிறுத்திவைக்கப்பட்டதாகத்தான் உங்களுக்குத் தெரியவரும். அப்போது மென்பொருள் தவறு என்று பொதுவாக வாதாடாதீர்கள். எந்த நிமிடத்தில், என்ன காரணத்துக்காகக் கொடி விழுந்தது என்று கேளுங்கள். அந்தப் பகுதி ஒளிப்பதிவை ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நிமிடம் கிடைத்துவிட்டால், அது கரண்ட் போன நிமிடத்தோடு ஒத்துப்போகிறதா என்று மேலே சொன்ன அதே ஆதாரங்களை வைத்துக் காட்டலாம்.

மறுக்கப்பட்டால் அதே மெயிலைத் திரும்ப அனுப்புவதில் பலன் இல்லை. எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று கேட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் புதிய ஆதாரம் கொடுங்கள். லேப்டாப் பேட்டரியே தீர்ந்து அணைந்தது, சோதனை ஓட்டவே இல்லை, ஒற்றைக் கோடு சிக்னலில் ஹாட்ஸ்பாட்டை நம்பி எழுதினார் என்பது மாதிரி வழக்குகளில் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுதேர்வு அனுமதி வந்தபோது, தேதியோடு இடத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது. அவள் முந்தைய நாளே இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இடமும் இணைப்பும் மாறியதால் கணினிச் சோதனையைப் புதிதாக ஓட்டினோம். அஸ்தம்பட்டிப் பகுதிக்கு மின்தடை அறிவிப்பு இல்லை என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். மோடத்தைப் பிடுங்கி இன்வெர்ட்டர் பிளக்கில் மாற்றினேன். ஹாலில் இருந்த சுவர்க் கடிகாரத்தைப் போனைப் பார்த்துத் திருத்தி வைத்தாள்.